டியூஷன் மையத்துக்கு எந்த நான்கு கட்டம்: பட்டியல் போடுவதா, குறுக்கே பொருத்துவதா?

சிறிய டியூஷன் மையம் நடத்துகிறவர்கள் ஜூன் மாதச் சேர்க்கை முடிந்த கையோடு உட்கார்ந்து, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். இதை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ஸ்வாட் கட்டம்: நான்கு அறைகளிலும் உள்ளதை எழுதி நிறுத்திக்கொள்வது. மற்றொன்று, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிக் 1982இல் முன்வைத்த டவ்ஸ் கட்டம்: பலத்தையும் பலவீனத்தையும் மேலே வைத்து, வாய்ப்பையும் அச்சுறுத்தலையும் பக்கவாட்டில் வைத்து, இரண்டும் சந்திக்கும் நான்கு அறைகளில் என்ன செய்வது என்று எழுதுவது. முதலாவதைப் பட்டியல் கட்டம் என்றும் இரண்டாவதைக் குறுக்குக் கட்டம் என்றும் வைத்துக்கொண்டு, ஒரே மையத்தை இரண்டிலும் போட்டுப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மையம். தாலுகா தலைநகர் ஒன்றில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இரண்டு அறை. ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை 26 பேர், மாதம் 500 ரூபாய். ஒன்பதும் பத்தும் 22 பேர், மாதம் 800 ரூபாய். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் 30,600 ரூபாய் வரும். வாடகை 6,000, அறிவியலுக்கு வரும் பகுதிநேர ஆசிரியருக்கு 8,000, மின்சாரமும் நகல் எடுக்கும் செலவும் 1,600 போக 15,000 ரூபாய் நிற்கும். கணிதத்தை மையத்தை நடத்தும் அம்மையாரே எடுக்கிறார். நம் ஊர்களில் நூற்றுக்கணக்கில் இருக்கும் மையங்களின் அளவு ஏறக்குறைய இதுதான்.

முதலில் பட்டியல் கட்டம். இதில் பெரும்பாலானோர் எழுதும் முதல் வரி 'திறமையான ஆசிரியர்கள்'. எந்த மையமும் தன்னைப் பற்றி இப்படித்தான் எழுதும் என்பதால் இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதே இடத்தில் 'சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் இருந்த 12 பேரில் 9 பேர் காலாண்டுத் தேர்விலிருந்து பொதுத்தேர்வுக்குள் கணிதத்தில் 20 மதிப்பெண்ணுக்கு மேல் உயர்ந்தார்கள்' என்று எழுதினால் அது பலம். மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்க்கலாம், பெற்றோரிடமும் காட்டலாம். பதிவேடே இல்லை என்றால், அந்த வரி பலவீனம் அறைக்குப் போகிறது.

இரண்டாவது குழப்பம் வாய்ப்பு அறையில் வரும். 'கோடைக்கால வகுப்பு தொடங்கலாம்' என்று அங்கே எழுதிவிடுவார்கள். அது நாம் செய்யப்போகும் வேலை; வாய்ப்பு அல்ல. வாய்ப்பும் அச்சுறுத்தலும் வெளியே இருப்பவை. நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி இது: நாளைக்கே மையத்தை மூடிவிட்டாலும் இந்த வரி உண்மையாக இருக்குமா? இருந்தால் அது வெளியே உள்ளது; இல்லையென்றால் உள்ளே உள்ளது. 'தமிழ் வழியில் படித்த பெற்றோரால் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தைச் சொல்லித்தர முடியவில்லை' என்பது மையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மை. ஆகவே வாய்ப்பு. இந்தக் கேள்வியில் தேறியவற்றை மட்டும் வைத்தால் நம் மையத்தின் பட்டியல் கட்டம் இப்படி வரும்.

| பலம் | பலவீனம் |
|---|---|
| கணிதத்தில் காட்டக்கூடிய மதிப்பெண் உயர்வு. பள்ளிக்கு நடக்கும் தூரம். ஒரு வகுப்புக்கு 12 பேர்தான் | அறிவியல் ஆசிரியர் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே வருமானம் விழும். அறைக்கு 130 சதுர அடிதான் |
| வாய்ப்பு | அச்சுறுத்தல் |
| ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு வீட்டில் துணை இல்லை. பிளஸ் டூவுக்கு டியூஷன் தேடும் பெற்றோர். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாலை 7 மணிவரை பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் | பள்ளியே பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வைக்கிறது. பஸ் நிலையம் அருகே பெரிய பயிற்சி மையம். ஒன்றிய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைகள் |

கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டு மாநிலங்களுக்கு அனுப்பியது. 50 மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் அதன்படி அது பயிற்சி மையம். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது, ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும், கற்பிப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டியவை இவை. நம் மையத்தில் 48 பேர். 130 சதுர அடி என்பது 12 சதுர மீட்டர்; 12 பேர் உட்காரும் அறைக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் எண்ணிக்கை 51. சேர்ந்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் 16 வயதுக்குக் கீழே. இப்படி ஓர் எண்ணை அச்சுறுத்தல் அறையில் எழுதி வைத்திருப்பவருக்கும் 'அரசு விதிகள்' என்று பொதுவாக எழுதியவருக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

பட்டியல் கட்டத்தின் நன்மை இதுதான்: ஒரு மணி நேரத்தில் முடியும், பகுதிநேர ஆசிரியரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம், உண்மைகள் மேஜைக்கு வந்துவிடும். அதன் குறை, அத்தோடு நின்றுவிடுவது. டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்வாட் போட்ட 20 பிரிட்டிஷ் நிறுவனங்களைப் பார்த்தார்கள். நீண்ட, பொதுப்படையான பட்டியல்கள்தான் இருந்தன; அடுத்த கட்டத் திட்டமிடலில் அவற்றை யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. ஆலோசகர்களை அமர்த்திய நிறுவனங்களுக்கே அப்படியென்றால், மாடியில் இரண்டு அறை வைத்திருப்பவரின் தாள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதே வரிகளைக் குறுக்கே பொருத்துவோம். ஒவ்வொரு அறையிலும் மூன்றே வரி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று என்றால் ஓர் அறைக்கு ஒன்பது இணை, மொத்தம் 36. ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். ஐந்து வரி வைத்தால் இணைகள் நூறாகும், பாதியிலேயே சலித்துப்போகும்.

பலமும் வாய்ப்பும் சந்திக்கும் அறையில் ஒன்று உடனே தெரிகிறது. கணிதத்தில் காட்டக்கூடிய மதிப்பெண் உயர்வு ஒரு பக்கம், ஆங்கில வழிப் பிள்ளைக்கு வீட்டில் துணை இல்லாதது மறுபக்கம். எட்டாம் வகுப்பிலிருந்து வருகிறவர்களை ஒன்பதாம் வகுப்பில் தனித் தொகுதியாக வைத்து, கணக்கைத் தமிழில் விளக்கி, விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதப் பழக்கலாம். இருக்கும் பிள்ளைகளையே பிரித்து அமைப்பதால் தலைக்கணக்கு 50ஐத் தாண்டாது.

பலவீனமும் வாய்ப்பும் சந்திக்கும் இடத்தில்தான் குறுக்குக் கட்டத்தின் முழுப் பயனும் கிடைக்கிறது என்பது என் கருத்து. பட்டியலில் மிகக் கவர்ச்சியாக இருந்த வரி, பிளஸ் டூவுக்கு டியூஷன் தேடும் பெற்றோர். மேல்நிலை வகுப்புக்குக் கட்டணமும் கூடுதலாகக் கேட்கலாம். பட்டியலை மட்டும் பார்ப்பவர் அங்கே விரலை வைத்துவிடுவார். ஆனால் அந்த வரியை மூன்று பலங்களோடும் பொருத்திப் பாருங்கள். காட்டக்கூடிய மதிப்பெண் பத்தாம் வகுப்புக்குரியது. பிளஸ் டூவுக்கு ஒரு பதிவும் இல்லை. பள்ளி அருகில் இருப்பது உண்மை, ஆனால் அந்த வயதுப் பிள்ளை சைக்கிளில் பஸ் நிலையம் வரை போய்விடும். சிறிய வகுப்பு ஒன்றுதான் பொருந்துகிறது. பலவீனங்களோடு பொருத்தினாலோ எல்லாம் இடிக்கிறது: இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய ஒருவரை நம்ப வேண்டும், புதிய தொகுதிக்கு அறை கிடையாது. இதற்கு மேல் 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 முதல் ரத்தாகிவிட்டது. பொதுத்தேர்வு இல்லாத வகுப்புக்கு மாதாமாதம் கட்டணம் கட்டப் பெற்றோர் முன்போல் அவசரப்படுவார்களா என்பதையும் யோசிக்க வேண்டும். தன் பலத்தோடு சேராமல் பலவீனத்தோடு மட்டும் சேரும் வாய்ப்பு, அந்த மையத்துக்கான வாய்ப்பு அல்ல. பட்டியல் கட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதே அறையில் இன்னொரு இணை பயன் தருகிறது. ஏப்ரல், மே வருமானக் குறைவையும் வேலைக்குப் போகும் பெற்றோரின் தேவையையும் சேர்த்தால், பள்ளித் தேர்வு முடிந்த பிறகு 20 நாள் அடிப்படைக் கணித வகுப்பு வைக்கலாம்: பின்னம், குறியெண்கள், எளிய சமன்பாடு. ஆளுக்கு 1,000 ரூபாய் முன்பணமாக வாங்கினால் 12 பேரிடம் 12,000 ரூபாய். இரண்டு மாத வாடகை அதில் அடைபடும். கோடையில் காலை நேரம்தான் சரிப்படும், மாடி அறையில் மதியம் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது.

பலமும் அச்சுறுத்தலும் சந்திக்கும் அறையில் எழுத ஒரே வரிதான்: சிறப்பு வகுப்பு முடிந்து பிள்ளைகள் பசியோடும் களைப்போடும் வருவதால், பத்தாம் வகுப்பை 5.30க்குப் பதில் 6.30க்குத் தொடங்கி 8 மணிக்கு முடிப்பது. பள்ளியும் வீடும் பக்கத்தில் இருப்பதால் நம்மால் இது முடியும். பஸ் நிலையம் அருகே உள்ள மையத்துக்கு எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள்.

பலவீனமும் அச்சுறுத்தலும் சேரும் அறையை எல்லோரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அறிவியல் ஆசிரியரைப் பெரிய மையம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டால் என்ன செய்வது? நவம்பரில் அப்படி நடந்தால் 22 பிள்ளைகளின் அறிவியல் பாடம் நடுவில் நிற்கும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேட்கலாமே என்றால், பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே இந்த அறையில் எழுத வேண்டியவை, மார்ச் வரை இருந்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதல் என்று ஜூனிலேயே எழுத்தில் பேசி வைப்பதும், வேலை தேடும் இன்னொரு பட்டதாரியை மாதம் இரண்டு வகுப்பாவது எடுக்க வைத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கப்படுத்துவதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், மையம் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களுக்குப் பட்டியல் கட்டம் போதும். அவர்களிடம் காட்டுவதற்கு மதிப்பெண் பதிவு இருக்காது. குறுக்கே பொருத்தினால் ஊகத்தை ஊகத்தோடு பொருத்தியதாகிவிடும். ஓராண்டுப் பதிவேடும், பணம் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியும் கையில் இருந்தால் குறுக்குக் கட்டம்தான் வேண்டும். அதிலும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு செயலுக்கு மேல் தேர்ந்தெடுக்கக்கூடாது. செயலுக்கு எதிரே யார், எந்த மாதத்துக்குள் என்றும் எழுத வேண்டும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் அந்தத் தாளை எடுத்து, பலம் அறையின் முதல் வரி இன்னும் உண்மையா என்று பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். உண்மையில்லை என்றால் அதை நம்பி எழுதிய ஒன்பதாம் வகுப்புத் தொகுதியை அடுத்த ஜூனுக்குத் தள்ளிவைத்துவிடலாம்.