பண்டிகை லீவு: முந்துபவருக்கா, குலுக்கலா, முறைவைத்தா?

ஒரு டீமில் 6 பேர். தினமும் குறைந்தது 2 பேர் வேலையில் இருந்தாக வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள், பண்டிகை நாள், மறுநாள் என மூன்று நாளும் எல்லோருக்கும் லீவு வேண்டும். நாளுக்கு 4 பேர் வீதம் மொத்தம் 12 லீவு நாள்தான் இருக்கிறது, கேட்பது 18. ஆளுக்கு 2 நாள் என்றால் கணக்கு சரியாக வரும். ஆனால் பண்டிகை நாளன்று எப்படிப் பார்த்தாலும் 2 பேர் வந்தே ஆக வேண்டும். அந்த 2 பேர் யார் என்பதில்தான் சண்டையே.

முந்திக் கேட்டவருக்கு லீவு என்பது பல இடங்களில் இருக்கும் வழக்கம். மேனேஜருக்கு வேலை மிச்சம் என்பதைத் தவிர இதில் வேறு நன்மை இல்லை. முதல் 4 பேர் மூன்று நாளையும் அள்ளிக்கொள்வார்கள், மீதி 2 பேருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது. விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் தோற்பார். போதாததற்கு, போவது உறுதியாகாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வைத்துவிட்டுக் கடைசி வாரத்தில் ரத்து செய்வார்கள். அதற்குள் மற்றவர்கள் பயணத்தையே கைவிட்டிருப்பார்கள். சீனியாரிட்டி முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புதிதாக வந்தவருக்கு மேலே யாராவது வேலையை விட்டுப் போகும்வரை விடிவில்லை.

குலுக்கல் நியாயமாகத் தெரியும். ஒரு தடவைக்கு நியாயம்தான். ஆனால் சீட்டுக்குப் போன வருடம் நினைவில் இருக்காது. 6 பேரில் 2 பேரை எடுக்க 15 விதம் உண்டு. அதில் போன முறை மாட்டிய இருவருமே தப்புவது 6 விதத்தில் மட்டும். அதாவது, அவர்களில் ஒருவராவது இந்த முறையும் மாட்டுவதற்கான வாய்ப்பு 60 சதவீதம். இரண்டாவது வருடமும் மாட்டியவரிடம் "எல்லாம் சீட்டுதானே" என்று சொன்னால் அவர் சமாதானமாக மாட்டார்.

முறைவைத்தால் இந்தக் குறை போகிறது. ஆண்டுக்கு 2 பேர் வீதம் மூன்று ஆண்டில் ஒரு சுற்று. இதை வெறும் பெயர் வரிசையாக வைத்தால் ஆள் மாறும்போது குழம்பும். கடைசியாக எப்போது பண்டிகை நாளில் வேலை பார்த்தார் என்ற தேதியை வைத்து வரிசைப்படுத்துவதே சரி. யாருடைய தேதி ரொம்பப் பழையதோ அவர் முறை. புதியவருக்கு, அவர் சேர்ந்த தேதியையே கடைசித் தேதியாக வைக்கலாம். முதல் வருடம் மட்டும், பழைய கணக்கு இல்லாததால், குலுக்கல் போட்டுத் தொடங்குங்கள்.

நான்காவது வழி, ஆளுக்கு ஒரு நாளாக மாறி மாறித் தேர்வது: முதல் சுற்று 1 முதல் 6 வரை, அடுத்த சுற்று 6 முதல் 1 வரை. மேலே சொன்ன டீமில் இதைப் போட்டுப் பாருங்கள். முதல் நால்வரும் பண்டிகை நாளை எடுப்பார்கள். 5, 6 இருவரும் முந்தின நாளையும், திரும்பி வரும் சுற்றில் மறுநாளையும் எடுப்பார்கள். எல்லோருக்கும் 2 நாள் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இருவருக்கும் லீவு நடுவில் உடைந்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டியவருக்கு அதனால் பயனே இல்லை. எண்ணிக்கை சமமாக இருந்தாலும் நாள்களின் மதிப்பு சமமில்லை.

அதனால் எங்கள் பரிந்துரை இரண்டையும் சேர்ப்பது. பண்டிகை நாளை மட்டும் தேதி வரிசைப்படி முடிவு செய்யுங்கள். அன்று வேலைக்கு வரும் இருவருக்கும் ஈடாக, மறுநாளில் தொடங்கும் தொடர் லீவை மற்றவர்களுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் உரிமை கொடுங்கள். மிஞ்சியதை மற்ற நால்வரும் மாறி மாறித் தேரட்டும். 8 வாரம் முன்பே தொடங்கி ஒரே வாரத்தில் முடித்தால் டிக்கெட் எடுக்க நேரம் இருக்கும். காரணம் கேட்க வேண்டாம். கேட்கத் தொடங்கினால் கல்யாணம் ஆகாதவரும் குழந்தை இல்லாதவரும்தான் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவர் தானாகவே வேலைக்கு வர முன்வந்தால், அதையும் அவர் கணக்கில் முழுதாகவே எழுதுங்கள். அவர் பண்டிகை வரும்போது அந்தத் தேதி அவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதைத் தடுக்கத் தேவையில்லை. கேட்கும் விதம்தான் முக்கியம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பது எதிரில் இருப்பவரைச் சங்கடத்தில் மாட்டும். "பண்டிகை அன்னைக்கு என் டியூட்டியை நீங்க பாத்தா, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் உங்களோடதை நான் பாக்கிறேன். முடியலன்னா பரவாயில்ல, வெள்ளிக்குள்ள சொல்லுங்க, வேற ஆளைக் கேக்கிறேன்" என்று சொல்லுங்கள். என்ன தருகிறீர்கள், எதுவரை காத்திருப்பீர்கள் என்பது தெளிவாக இருந்தால் மறுப்பதும் அவருக்கு எளிது.

மாற்றம் முடிந்ததும் பொதுப் பட்டியலில் எழுதிவிடுங்கள். தேதி, பட்டியலில் பெயர் இருந்தவருக்கு அல்ல, உண்மையில் வந்து வேலை பார்த்தவருக்கே சேர வேண்டும். இங்கேதான் பல பட்டியல்கள் பொய்யாகிப்போகின்றன. யாராவது லீவை ரத்து செய்தால், அதைத் தன் நண்பருக்குக் கைமாற்றக் கூடாது. பண்டிகை அன்று வேலை பார்க்க இருப்பவர்களில் யாருடைய தேதி சமீபத்தியதோ அவரை முதலில் கேட்க வேண்டும்.