வெளிநாட்டுக் கடனும் தொலைவில் இருப்போருக்கான நீதியும்: இரு நோக்குகளின் ஒப்பீடு

நம் நாட்டவர் அல்லாத, ஒருபோதும் நாம் சந்திக்கப்போகாத மனிதர்களுக்கு நாம் எதைக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு அரசியல் மெய்யியலில் இரண்டு எதிரெதிர் விடைகள் உண்டு. உலகக்குடிமை நோக்கு, நீதியின் அலகு தனிமனிதரே என்றும், எந்த நாட்டில் பிறந்தோம் என்பது குருட்டு வாய்ப்பு என்பதால் அதைக் கொண்டு ஒருவருடைய வாழ்வின் அளவைத் தீர்மானிக்க முடியாது என்றும் வாதிடுகிறது. சார்ள்ஸ் பைட்ஸ் 1979இலேயே இதை விரிவாக எழுதினார். தோமஸ் பொகே பின்னர் கூர்மையாக்கினார். அரசுமைய நோக்கோ, பங்கீட்டு நீதி என்பது ஒரே அரசின் அதிகாரத்திற்குக் கூட்டாக உட்பட்டிருப்போரிடையே மட்டும் எழுவது என்கிறது. ஜோன் ரோல்ஸ், மைக்கேல் பிளேக், தோமஸ் நேகல் ஆகியோர் வெவ்வேறு வழிகளில் இந்தப் பக்கம் நிற்பவர்கள்.

இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பட்டினியையும் பேரிடரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர். அது பயனற்ற தேர்வு, ஏனெனில் அங்கே இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. 2004 சுனாமிக்குப் பின் திருகோணமலைக் கரைக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த உதவியும், 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் கண்டெடுக்கப்பட்டு நமது திருகோணமலைத் துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ரொஹிங்கியா அகதிகளுக்கு உணவும் மருந்தும் தரும் கடமையும் இரு நோக்குகளுக்கும் உடன்பாடானவையே. நேகல்கூட இதை மறுக்கமாட்டார். அதை நீதி என்று அழைக்காமல் மனிதாபிமானக் கடமை என்று அழைப்பார், அவ்வளவுதான். உண்மையான பிளவைக் காண, இரக்கத்திற்கு இடமில்லாத ஒரு விவகாரம் வேண்டும். இலங்கையின் வெளிநாட்டுக் கடன் அத்தகையது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஓகஸ்டில், சர்வதேச நாணய நிதியத்துடனான பேச்சுகள் நடந்துகொண்டிருந்தபோது, மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன என்பதால், கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலுக்குப் போகும் ஒருவருக்கு அந்த உயர்வு எதைக் குறித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் சுமக்கும் இந்தப் பாரத்தில் இலங்கைக்குக் கடன் கொடுத்துவிட்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் முதலீட்டாளருக்குப் பொறுப்பு உண்டா என்பதே கேள்வி.

அரசுமையவாதி இல்லை என்பார். அவருடைய வாதத்தின் வலுவான வடிவம் ரோல்ஸ் 1999இல் முன்வைத்தது: ஒரே அளவு வளத்துடன் தொடங்கும் இரு நாடுகளில் ஒன்று சேமித்துத் தொழில் வளர்க்கிறது, மற்றது எளிய வாழ்வோடு நிறைவடைகிறது என்று வைத்துக்கொண்டால், பல பத்தாண்டுகளுக்குப் பின் முதல் நாட்டிடம் வரி வாங்கி மற்றதற்குக் கொடுப்பது நியாயமாகாது, ஏனெனில் இரண்டுமே தத்தம் முடிவுகளுக்குப் பொறுப்புடையவை. இலங்கைக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது. 2019இன் இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்ததும், 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியில் தடை செய்ததும் கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகள். பழியை முழுவதும் வெளிநாட்டுக் கடன்காரர்மீது போடும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அது ஆட்சியாளருக்கு வசதியானது.

ஆயினும் 'நாடு தீர்மானித்தது' என்ற தொடர் திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது தள்ளாடுகிறது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டம் தோற்ற வேட்பாளருக்கே மிகப் பெரிய பெரும்பான்மையை அளித்தது. தோற்ற தரப்புக்கு வாக்களித்தோரும் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்களே, மக்களாட்சியில் அது வழமை என்று ஒருவர் பதில் சொல்லலாம். அந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது இன்னும் பின்னால் இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளரிடம் கடன் திரட்டும் பத்திரமான சர்வதேசப் பிணைமுறியை இலங்கை முதன்முதலாக 2007 ஒக்டோபரில், 50 கோடி டொலருக்கு, 8.25 வீத வட்டியில் வெளியிட்டது. அப்போது இம்மாவட்டத்தின் சம்பூர் மக்கள் 2006 சண்டையில் வெளியேற்றப்பட்டு இடம்பெயர்ந்தோராக வாழ்ந்துகொண்டிருந்தனர். நிலத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அவர்களுக்கு 2015இலிருந்துதான் படிப்படியாகக் கிடைத்தது. நேகலின் கருத்தில், அரசு தன் குடிமக்கள்மீது செலுத்தும் அதிகாரம் அவர்களின் பெயராலேயே செலுத்தப்படுகிறது, அவர்களும் அதன் ஆசிரியர்களாகக் கருதப்படுகின்றனர் என்பதே நீதியின் கோரிக்கைகளுக்கு அடிப்படை. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர், துரத்திய அரசு வாங்கிய கடனுக்கு எந்த வகையில் ஆசிரியராவார்?

பொகேயின் நோக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு நாட்டின் ஆட்சியைக் கையில் வைத்திருப்பவர் எவராயினும் அந்நாட்டு மக்கள் அனைவர் பெயரிலும் கடன் வாங்கலாம் என்ற விதியை அவர் கடன் வாங்கும் சிறப்புரிமை என்று அழைத்தார். அந்த விதியை மூதூர் மீனவர் எழுதவில்லை. இலங்கையின் பிணைமுறிகள் நியூயோர்க் மாநிலச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டவை. 2022இல் ஒரு கடன்காரர் அங்குள்ள நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். ஆகவே பிளேக் வலியுறுத்தும் கட்டாய அதிகாரம் எல்லைக்குள்ளே நின்றுவிடுவதில்லை. கட்டாயத்துக்கு உட்படுவோருக்கு நியாயம் சொல்ல வேண்டும் என்பதே அரசுமைய வாதத்தின் இதயம் என்றால், அந்த நியாயம் நியூயோர்க்கிலும் சொல்லப்பட வேண்டும். எதிர்த்தரப்பின் அளவுகோலே எதிர்த்தரப்புக்கு எதிராகத் திரும்பும் இந்த இடத்தை நான் உலகக்குடிமை நோக்கின் மிக வலுவான இடமாகக் கருதுகிறேன்.

வலுவானது, ஆனால் எல்லையற்றதன்று. பொகே முதன்மையாக மனதில் கொண்டவர்கள் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரிகள். இலங்கையில் கடன் வாங்கியவர்கள் தேர்தலில் வென்றவர்கள். மேலும் 8.25 வீதம் என்ற வட்டியே கடன் திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துக்குரிய விலையையும் உள்ளடக்கியது. அந்த விலையை வாங்கியவர் ஆபத்து நேரும்போது இழப்பில் பங்கேற்பது வணிக நேர்மைதான்; அதற்கு உலக நீதி என்ற பெரிய கோட்பாடு தேவையில்லை. 2024 டிசம்பரில் முடிந்த மறுசீரமைப்பில் பிணைமுறிகளின் முதல்தொகை 27 வீதத்தால் குறைக்கப்பட்டதோடு, பொருளாதாரம் எதிர்பார்ப்பை மிஞ்சி வளர்ந்தால் கடன்காரருக்குக் கூடுதலாகச் செலுத்தும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. உலகக்குடிமையாளர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்: மீட்சியின் பலனில் முதல் உரிமை வறியவருக்கு இருக்க வேண்டும் என்பார். அரசுமையவாதி அதை இரு தரப்பும் உடன்பட்ட ஒப்பந்தமாகப் பார்ப்பார்.

அரசுமைய நோக்கு தன் பலத்தை வேறொரு திசையில் காட்டுகிறது. அதை நம்மவர் அதிகம் கவனிப்பதில்லை. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் விலக்கப்பட்டு, பாரம் பெருமளவில் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின்மீது விழுந்தது. மனிதரை மட்டும் எண்ணும் உலகக்குடிமைக் கணக்கில், தொலைவிலுள்ள ஒரு நிதியில் பணம் வைத்த ஓய்வூதியரும் இங்கே சேமலாப நிதியில் பணம் வைத்த தொழிலாளியும் ஒரே தட்டில் நிற்கின்றனர். இருவரில் வறியவர் யார் என்பதே அதன் கேள்வி. அரசுமையவாதி அப்படித் தட்டிக்கழிக்க விடமாட்டார். வரி வாங்கும், சட்டம் இயற்றும், சேமிப்பைக் கட்டாயமாகப் பிடிக்கும் அரசு தன் தொழிலாளிக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது என்றும், அந்தக் கடமை வெளிநாட்டாருக்கான கடமையைவிடக் கனமானது என்றும் அவர் சொல்வார். இந்த ஒரு விடயத்தில் நான் அவர் பக்கம்: வெளிநாட்டுக் கடன்காரரிடம் நியாயம் கேட்பதற்கு உலகக்குடிமை நோக்கைக் கைக்கொள்ளும் நாம், வங்கிகள் ஏன் விலக்கப்பட்டன என்று கொழும்பிடம் கேட்பதற்கு அரசுமைய நோக்கையே நாட வேண்டும்.