சேரும் தேதி நெருங்குகிறது, ஆள் பேசவில்லை: வாட்ஸ்அப்பா, கெடு வைத்த மின்னஞ்சலா?

உங்கள் நிறுவனத்தின் வேலை ஆஃபரை ஏற்றவர், சேர 10 நாள் இருக்கையில் மௌனமாகிவிட்டார். எதை அனுப்பலாம்?

பதில் கிடைப்பது
வாட்ஸ்அப்: வாய்ப்பு அதிகம். "தேதி மாற வேண்டுமா? வேறு வேலை கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள், தவறாக நினைக்க மாட்டோம்" என்று கேளுங்கள். மறுக்க வழி இருந்தால்தான் உண்மை வரும். "ஆவணங்களை அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டால் மௌனம் நீளும்.
மின்னஞ்சல்: குறைவு.

பதிவு
வாட்ஸ்அப்: போதாது.
மின்னஞ்சல்: "வியாழன் மாலை 5 மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறொருவரைத் தேர்ந்தெடுப்போம்" என்பது எழுத்தில் நிற்கும். ஆனால் முதலிலேயே அனுப்பினால், வீட்டில் நோயாளியைக் கவனிப்பவருக்கு மிரட்டலாகப் படும்.

முதல் 2 நாள் வாட்ஸ்அப், ஒரு போன். அப்புறமும் மௌனமென்றால் மின்னஞ்சல். "சரி, வருகிறேன்" என்று சொல்லியும் பழைய வேலையிலிருந்து விடுபடும் தேதியைச் சொல்லவில்லையா? தேர்வில் அடுத்த இடத்தில் இருந்தவரிடம் தொடர்ந்து பேசுங்கள்.