ஜீரோ எழுதிய டிஸ்க்கில் போட்டோ மீட்டுத் தருகிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் தெரிந்தது. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இருந்த காலத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் ஒரே ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன, வேறெங்கும் காப்பி இல்லை.

அக்கா மகன் பழைய லேப்டாப் டிஸ்க்கை விற்பதற்கு முன்னால் சுத்தமாக அழிக்கிறேன் என்று உட்கார்ந்தான். எங்கள் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. விண்டோஸின் கமாண்ட் விண்டோவில் அவன் அடித்தது இதுதான்:

```
diskpart
list disk
select disk 1
clean all
```

அழிக்க வேண்டியது டிஸ்க் 2, எங்களுடையது 1. ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிட்டான், காலையில் முடிந்திருந்தது. வெறும் `clean` என்று அடித்திருந்தால் பார்ட்டிஷன் விவரம் மட்டும்தான் போயிருக்கும், போட்டோக்கள் அப்படியே இருந்திருக்கும். `all` சேர்த்தால் டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரைக்கும் ஒன்று விடாமல் ஜீரோ எழுதும். இந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் 18,500 ரூபாய் என் கையில் இருந்திருக்கும்.

வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கோவையில் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனேன். கண்ணாடி அறை, உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், மேஜையில் திறந்து வைத்த டிஸ்க். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன், `clean all` என்றே எழுதிக் காட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்க மேடம், மேல எழுதினாலும் அடியில பழைய காந்தத் தடம் இருக்கும், நாங்க ஏழு லேயர் வரைக்கும் போய் எடுப்போம்" என்றார். நான் அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். அந்த நிமிஷம் நம்பிவிட்டேன். பரிசோதனைக்கு 1,500 கட்டினேன். "உங்க ஃபைல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சா தேட வசதி, நாலஞ்சு சாம்பிள் அனுப்புங்க" என்றார்கள். உறவுக்காரர்களுக்கு முன்பு அனுப்பியிருந்ததில் பன்னிரண்டு போட்டோக்களைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

நாலாம் நாள் போன் வந்தது, 96 சதவீதம் எடுத்தாயிற்றாம். கூடவே இரண்டு போட்டோவின் ஸ்கிரீன்ஷாட். ஒன்றில் அப்பா களத்தில் உட்கார்ந்து தேங்காய் உரிக்கிறார். பார்த்ததும் மீதி 17,000-ஐப் போனிலேயே அனுப்பிவிட்டேன்.

பென் டிரைவில் 2,140 ஃபைல் இருந்தது. பன்னிரண்டு திறந்தது. மற்றது ஒன்றும் திறக்கவில்லை. கடைக்குப் போன் செய்தால் "டெக்னீஷியன் லீவு", மறுநாள் "சார் கோயிலுக்குப் போயிருக்கார்", அப்புறம் "உங்க சிஸ்டத்துல கோளாறு". நேரில் போனேன். பில்லின் அடியில் பொடி எழுத்தில் பணம் திரும்பத் தரப்படாது என்று இருப்பதைக் காட்டினார்கள். இந்த முறை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

மாமா மகன் பாலக்காட்டில் பாலிடெக்னிக்கில் வேலை செய்கிறான், நேற்று அவனிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அப்பா தேங்காய் உரிக்கும் படத்தைத்தான் முதலில் பார்த்தான். பெயர் `DSC_0412.JPG`, கேமராவில் எடுத்தது போலவே. ஆனால் அளவு 143 கேபி, அகலம் 1600 பிக்சல், எடுத்த தேதியும் இல்லை, கேமரா பெயரும் இல்லை. எங்கள் கேமராவில் ஒரு படம் 5, 6 எம்பி வரும். வாட்ஸ்அப்தான் படத்தைச் சுருக்கி இந்த விவரங்களையும் நீக்கிவிடும். நான் அனுப்பிய பன்னிரண்டையே பெயர் மாற்றி எனக்கே விற்றிருக்கிறார்கள். திறக்காத ஒரு ஃபைலை, உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் HxD என்ற டூலில் போட்டுக் காட்டினான். கடைசிவரை `00 00 00 00`, வேறு ஒன்றுமே இல்லை. உண்மையான ஜேபெக் படமாக இருந்தால் `FF D8 FF` என்று தொடங்க வேண்டும்.

ஏன் எடுக்க முடியாது என்று அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சாதாரணமாக டெலிட் செய்வதும் குவிக் ஃபார்மட்டும் பட்டாவைக் கிழிப்பது மாதிரி, நிலம் அங்கேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே புதிதாக எதுவும் எழுதாத வரைக்கும் தேடி எடுக்கலாம். மேலேயே வேறு எழுதிவிடும் ஓவர்ரைட் அப்படி இல்லை. அந்தப் புள்ளியின் காந்தத் திசையே புதிதாக மாற்றப்படுகிறது, ஒரு புள்ளியில் ஒரு திசைதான் இருக்க முடியும், அடியில் பழையது லேயர் லேயராகச் சேர்ந்திருப்பதில்லை. ஏழு லேயர் கதைக்கு மூலம் 1996-ல் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரை. அன்றைய டிஸ்க்குகளில் தகவல் எழுதப்படும் வட்டப் பாதையான தடம் அகலம், ஓரத்தில் பழையதின் சுவடு மிஞ்சலாம் என்று அவர் எழுதினார், 35 முறை எழுதி அழிக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. இன்றைய தடம் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறுகல், ஓரம் என்று மிஞ்ச இடமில்லை. அந்த 35 முறை இன்றைய டிஸ்க்குக்குப் பொருந்தாது என்று குட்மனே பின்னால் எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும், காந்த டிஸ்க்கில் ஒரு தடவை ஜீரோ எழுதினாலே பொதுவாக ஆய்வகத்தில்கூட மீட்க முடியாது என்கிறது. பழுதாகி ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட செக்டாரில் ஜீரோ போய்ச் சேராமல் ஏதாவது மிஞ்சலாம், ஆனால் அது சில கேபி துணுக்கு, அப்பா முகம் அதில் வராது.

உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க, லினக்ஸில் டிஸ்க்கைச் செருகி அவன் ஓடவிட்டது:

```
sudo cmp /dev/sdb /dev/zero
```

இது படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் எழுதாது. `sdb` உங்கள் டிஸ்க்தானா என்று `lsblk` போட்டு அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1 டிபிக்கு மூன்று மணி நேரம் ஆனது, கடைசியில் `EOF on /dev/sdb` என்று நின்றது. டிஸ்க் முழுக்க ஜீரோ என்று அர்த்தம். நடுவில் `differ` என்று வந்திருந்தால் ஏதோ இருக்கிறது. ஆனால் விண்டோஸ் கேட்கும்போது இனிஷியலைஸ் கொடுத்திருந்தாலே தொடக்கத்தில் கொஞ்சம் எழுதியிருக்கும், அதைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீர்கள். HxD-யில் டிஸ்க்கை ரீட்-ஒன்லியாகத் திறந்து நடுவில் பத்திருபது இடம் தாவிப் பாருங்கள். ஜீரோவுக்குப் பதில் ரேண்டமாக எழுதும் டூல் என்றால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு, அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் PhotoRec என்ற டூலை ஓடவிட்டு உருப்படியாக ஏதாவது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், எடுப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

அழிப்பது பாதியில் நின்றிருந்தால் கதை வேறு. `clean all` முன்னாலிருந்து வரிசையாகத்தான் போகும், எட்டாத பகுதி பிழைத்திருக்கும். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ராத்திரி முழுக்க ஓடிவிட்டது.

18,500. மூன்று மாதம் சீட்டுக் கட்ட எடுத்து வைத்த பணம். பரிசோதித்த அன்றைக்கே டிஸ்க் முழுக்க ஜீரோ என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. லேயர் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சாம்பிள் படம் அனுப்பாதீர்கள், அனுப்பாத படத்தைக் காட்டச் சொல்லுங்கள், அளவு எத்தனை எம்பி என்று கேளுங்கள். எஸ்எஸ்டியில் டெலிட் செய்தாலே, அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் என்ற கட்டளை பெரும்பாலும் வேலையை முடித்துவிடும், அதற்கும் பணம் கொடுக்காதீர்கள். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளாவில், எங்கே கேஸ் போடுவது என்று குழம்ப வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். திங்கட்கிழமை பாலக்காட்டில் கொடுக்கப் போகிறேன், பில்லும் பென் டிரைவும் பையில் எடுத்து வைத்தாயிற்று.