வீட்டுப் பொடி வியாபாரத்துக்கு ஒரே பக்கமா, பல பக்கமா?

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி என ஐந்து வகை. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். இந்த அளவு வியாபாரத்துக்கு ஒரே பக்க இணையதளத்தில் தொடங்குவதே சரி. மேலே படமும் ஊர்ப் பெயரும், அடுத்து ஐந்து பொடிகளின் எடையும் விலையும், அதன்கீழ் கூரியர் விவரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், வாட்ஸ்அப் பொத்தான். அவ்வளவுதான்.

விலை ஏறும்போது இதன் அருமை தெரியும். ஒரே இடத்தில் திருத்தினால் வேலை முடிந்தது. பல பக்கத் தளத்தில் முகப்பில் 140 ரூபாய் என்று மாற்றிவிட்டு உள்பக்கத்தில் 120-ஐ மறந்துவிடுவோம். வாடிக்கையாளர் அந்த 120-ஐத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்.

ஒரே பக்கம் இடறுவது வேறு இடத்தில். பருப்புப் பொடி கேட்டவருக்கு அந்தப் பகுதிக்கான இணைப்பை, அதாவது முகவரியின் கடைசியில் `#paruppu` சேர்த்து, அனுப்புகிறீர்கள். வாட்ஸ்அப்பில் தெரிவதோ முகப்புக்கு வைத்த இட்லிப் பொடிப் படம். காரணம் எளிது: `#` குறிக்குப் பின்னால் உள்ளது சர்வருக்குப் போவதே இல்லை. எந்தப் பகுதியைச் சுட்டினாலும் முகவரி ஒன்றுதான். தலைப்பும் முன்னோட்டப் படமும் ஒன்றுதான். தேடலிலும் இதே சிக்கல். ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்புதான் வைக்க முடியும். ஐந்து பொடிப் பெயரையும் அதில் திணித்தால் எதுவும் எடுபடாது.

தனிப் பக்கம் என்றால் அதற்கே உரிய தலைப்பும் படமும் தரலாம்:

```html
<title>பருப்புப் பொடி 250 கிராம்</title>
<meta property="og:title" content="பருப்புப் பொடி 250 கிராம்">
<meta property="og:image" content="https://example.com/paruppu.jpg">
```

அதற்காக ஐந்துக்கும் பக்கம் போட வேண்டாம். பெயர் சொல்லி அதிகம் கேட்கப்படும் ஒன்றை மட்டும் பிரியுங்கள். சேர்மானம், எத்தனை நாள் கெடாது, பூண்டு உண்டா இல்லையா, ஒரு கைப்பிடி சோற்றுக்கு எவ்வளவு என்று எழுத விஷயம் இருக்க வேண்டும். மூன்று வரிதான் தேறும் என்றால் அது முகப்பிலேயே இருக்கட்டும். பிரித்த அந்த ஒன்றுக்கு விலையை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டிவரும். ஒன்று என்பதால் தாங்கும்.

இணையத்திலேயே பணம் வாங்கத் தொடங்கினால் கணக்கு மாறும். பேமென்ட் கேட்வேக்கள் பணம் திருப்பும் விதி, தனியுரிமை, தொடர்பு விவரம் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கங்களை வழக்கமாகக் கேட்கும்.

ஒன்றில் மட்டும் முதல் நாளிலிருந்தே கவனம் வேண்டும். பாக்கெட் லேபிளில் அச்சடிக்கும் க்யூஆர் கோடில் `#` உள்ள முகவரியைப் போடாதீர்கள். பின்னாளில் தனிப் பக்கம் வந்தால், சர்வரில் ரீடைரக்ட் போட்டு அந்தப் பழைய லேபிளை மட்டும் அங்கே திருப்பிவிட முடியாது. `/paruppu` என்ற முகவரியை இப்போதே அச்சடித்து, அதை முகப்புக்குத் தற்காலிக ரீடைரக்டாக, அதாவது 302 ஆக வையுங்கள். பக்கம் தயாரான அன்று அந்த ரீடைரக்டை எடுத்துவிட்டால் பழைய லேபிளும் புதுப் பக்கத்துக்கே போகும்.