கேப்சிடாபைன் மாத்திரைக்கு முன்: மரபணுச் சோதனையா, யூராசில் சோதனையா?

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்து கேப்சிடாபைன் மாத்திரை என்றார் டாக்டர். "டிபிடி சோதனை கட்டாயமில்லை, செய்தால் எனக்கு நிம்மதி" என்றும் சொன்னார். முன்னால் இருந்தவை மூன்று வழிகள்: சோதிக்காமல் தொடங்குவது, ரத்தத்தில் யூராசில் அளவைப் பார்ப்பது, டிபிடி நொதியை உண்டாக்கும் டிபிஒய்டி மரபணுவைப் பார்ப்பது. நாங்கள் மரபணுவைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேப்சிடாபைன் உடலுக்குள் 5-எஃப்யூ என்ற புற்றுநோய் மருந்தாக மாறும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள டிபிடி என்ற நொதி. அது குறைவாக இருந்தால் வழக்கமான அளவே அளவு மீறிய மருந்தாகிவிடும். வாய்ப்புண், நிற்காத வயிற்றுப்போக்கு, வெள்ளையணு சரிவு எல்லாம் முதல் சுற்றிலேயே வரலாம். சிலர் இறந்தும் போகிறார்கள்.

சோதிக்காமல் தொடங்குவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அறிகுறி தெரிவதற்குள் பல நாள் மாத்திரை உள்ளே போயிருக்கும். யூரிடின் ட்ரையசெட்டேட் என்ற மாற்றுமருந்து உண்டு. ஆனால் கடைசி வேளை மருந்து எடுத்த 96 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். டிபிடி சிதைக்க வேண்டிய இயற்கைப் பொருள்தான் யூராசில். நொதி மந்தமானால் அது ரத்தத்தில் தேங்கும். மரபணுவில் தெரியாத குறைபாட்டையும் இது காட்டிக்கொடுக்கலாம் என்பது பெரிய பலம். பிரான்ஸில் 2018 இறுதியிலிருந்து இதுதான் முறை: மில்லிலிட்டருக்கு 16 நானோகிராமைத் தொட்டால் பகுதிக் குறைபாடு, 150-ஐத் தொட்டால் முழுக் குறைபாடு. ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் இரண்டு சோதனைகளையும் ஏற்றுக்கொண்டது.

எங்களை மரபணுப் பக்கம் திருப்பியது ரத்த மாதிரிக் குழாயின் பயணம். குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை, யூராசிலை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் எடுத்த சிறிது நேரத்துக்குள் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் 11 என்று வர வேண்டிய அளவு 18 ஆகலாம். அப்போது நல்ல நொதி உள்ளவருக்கும் பாதி மருந்துதான் கிடைக்கும். பக்கவிளைவு இல்லையே என்று எல்லோரும் மகிழ்ந்திருக்க, புற்றுநோய்க்குப் போக வேண்டிய மருந்து போயிருக்காது. எங்கள் ஊர் லேபில் மாலை நான்கு மணிக்கு ரத்தம் எடுத்தால் கூரியர் கிளம்புவது எட்டுக்கு. "ஐஸ் போட்டு அனுப்பிடலாம் சார்" என்றார் அங்கிருந்த பையன். பிரித்து உறைய வைக்கும் வசதி இல்லை. போதாக்குறைக்கு அம்மாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் சற்றுப் பலவீனம். அதுவும் யூராசிலை உயர்த்திக் காட்டும்.

டிஎன்ஏவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாதாரண ஈடிடிஏ குழாய் இரண்டு நாள் பயணித்தாலும் பாதகமில்லை. சாப்பிட்டீர்களா, எப்போது எடுத்தீர்கள் என்ற கேள்வியும் கிடையாது. முடிவு வருவதற்கு முன் முதல் மாத்திரையைப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

அம்மாவின் அறிக்கையில் ஹாப்-பி3 மாற்றம் (c.1129-5923C>G) மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் இருந்தது. இரண்டு பிரதியும் முழுதாகச் செயலிழந்திருந்தால் இந்த மருந்தையே தர மாட்டார்கள். ஒன்று மட்டும் என்பதால் பாதி அளவில் தொடக்கம். அம்மாவின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1250 மில்லிகிராம் என்ற கணக்கில் வேளைக்கு 2000, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. அதற்குப் பதில் காலை இரண்டு, இரவு இரண்டு. 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. இரண்டு சுற்றுகள் பெரிய தொல்லையின்றிப் போயின, ரத்த எண்ணிக்கையும் தாங்கியது. மூன்றாவது சுற்றில் டாக்டர் வேளைக்கு மூன்றாக உயர்த்தினார். குறைத்துத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடக் கூடாதாம்.

மரபணுச் சோதனையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமாகத் தேடும் நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துத் தேர்ந்தவை. தெற்காசியரிடம் ஓரளவு காணப்படுவது ஹாப்-பி3தான், மற்றவை அரிது. கடும் பக்கவிளைவு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நான்கில் எதுவுமே இருப்பதில்லை. அம்மாவின் அறிக்கை சுத்தமாக வந்திருந்தாலும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் முதல் சுற்றில் அதே கவனம் தேவைப்பட்டிருக்கும். நான் பார்த்தது ஒரு நோயாளியைத்தான். பெரிய மருத்துவமனையில், ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே லேப் இருந்தால், நானே யூராசிலையும் சேர்த்துக் கேட்டிருப்பேன்.

அப்புறம், மரபணுச் சோதனையின் முடிவு மாறாது, இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை. அதே மாற்றம் எனக்கு வந்திருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. மாமாவுக்கும் இருக்கலாம். அறிக்கையை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை என் கோப்பில் வைத்துவிட்டு, இன்னொன்றை மாமாவுக்கு அனுப்பினேன்.