முட்டையா, கோலின் மாத்திரையா, லெசித்தினா: கர்ப்ப காலத்தில் எதை எடுப்பது?

கர்ப்பம் உறுதியானதுமே ஃபோலிக் அமிலம், இரும்பு, கால்சியம் என்று மாத்திரைகள் வரிசையாக வந்துவிடும். கருவில் உள்ள குழந்தைக்கு வேண்டிய இன்னொரு சத்தான கோலின் அந்த வரிசையில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பேருக்குக் கொஞ்சம்தான் இருக்கும். மற்ற பல சத்துகள் மைக்ரோகிராம் கணக்கில் போதும். கோலின் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். அத்தனையையும் ஒரே மாத்திரைக்குள் திணித்தால் விழுங்க முடியாத அளவுக்கு அது பெரிதாகிவிடும்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 1998-இல் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 மி.கி., பாலூட்டும் தாய்க்கு 550 மி.கி. என்று நிர்ணயித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் சொன்னது முறையே 480, 520 மி.கி. இரண்டுமே ‘இவ்வளவு இருந்தால் போதும்’ என்ற மதிப்பீடுகள்தான். ஒருநாள் 350 மி.கி.தான் கிடைத்தது என்பதற்காகக் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். நம் கல்லீரலே கொஞ்சம் கோலின் தயாரிக்கிறது. கர்ப்ப காலத்தில் கூடும் ஈஸ்ட்ரோஜன் அந்தத் தயாரிப்பைத் தூண்டிவிடுகிறது. ஆனால் சில பெண்களுக்கு மரபணு அமைப்பு காரணமாக இந்தத் தூண்டுதல் சரியாக நடப்பதில்லை. அவர்கள் உணவையே அதிகம் நம்பியிருக்க வேண்டும். யார் அப்படிப்பட்டவர் என்பது வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அதனால் எல்லோரும் 450-ஐ ஒட்டியே இருப்பது நல்லது.

சரி, அந்த 450-ஐ எதிலிருந்து எடுப்பது?

முட்டை

என்னைக் கேட்டால் முதல் இடம் முட்டைக்குத்தான். ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 147 மி.கி. கோலின் உண்டு. கிட்டத்தட்ட முழுவதும் மஞ்சள் கருவில் இருக்கிறது. கொழுப்புக்குப் பயந்து வெள்ளைக் கருவை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் புரதம் கிடைக்கும், கோலின் கிடைக்காது. கர்ப்பத்தில் முட்டையை மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிட வேண்டும். வேகவைப்பதால் கோலின் பெரிதாகக் குறைந்துவிடாது.

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் இரண்டு முட்டை: சுமார் 294. ஒரு கோப்பைப் பால்: 43. வேகவைத்த ராஜ்மா அரைக் கோப்பை: 45. தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கு ஒன்று: 57. கூட்டினால் 439. அன்று சாப்பிடும் மற்ற காய்கறியும் தானியமும் மீதியைக் கொடுத்துவிடும். இவருக்கு மாத்திரை தேவையில்லை.

முட்டை சாப்பிடாத ஒருவருக்குக் கணக்கு வேறு. பால் இரண்டு கோப்பை, தயிர் ஒரு கோப்பை, வறுத்த சோயா அரைக் கோப்பை, அதே ராஜ்மா, அதே உருளைக்கிழங்கு. இவை சேர்ந்து 330 மி.கி. அளவுக்கு வரும். இதில் சோயாவின் பங்கு மட்டும் 107. சோயாவும் பிடிக்காது என்றால் 220-இல் நின்றுவிடும். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியவர் இவர்தான்.

ஈரலில் முட்டையைவிட அதிகக் கோலின் உண்டு, உண்மைதான். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். அது மிகுந்தால் கருவுக்குக் கேடு. கோலினுக்காக ஈரல் பக்கம் போக வேண்டாம்.

மாத்திரை: அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கடையில் கிடைக்கும் கோலின் மாத்திரைகளில் பெரும்பாலானவை கோலின் பைடார்ட்ரேட் என்ற உப்பு. அந்த உப்பின் எடையில் 41 சதவீதம்தான் கோலின். முன்பக்கத்தில் ‘கோலின் பைடார்ட்ரேட் 500 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் கோலின் ஏறக்குறைய 205 மி.கி. பின்பக்கச் சத்து அட்டவணையில் ‘கோலின்’ என்ற பெயருக்கு நேரே உள்ள எண்ணே நம் கணக்குக்கு உதவும். மேலே சொன்ன முட்டை சாப்பிடாதவருக்கு 120 மி.கி.தான் குறைகிறது, இப்படி ஒரு மாத்திரை தாராளம். சோயாவும் இல்லாதவருக்கும் அதே ஒன்று கிட்டத்தட்ட போதும். இரண்டு, மூன்று என்று போக வேண்டிய அவசியம் சாதாரணமாக வராது.

மாத்திரையின் பலம், அளவு துல்லியமாகத் தெரியும் என்பது. காலைக் குமட்டலில் முட்டை வாசனையே ஆகாதவர்களுக்கும் இது ஒரு வழி. பலவீனம், அந்த உப்பு குடலில் நடந்துகொள்ளும் விதம். அதைக் கீழே சொல்கிறேன்.

லெசித்தின்

சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்புக் கலவையான லெசித்தின் இயற்கையானது, முட்டையில் உள்ள அதே வடிவக் கோலின் கொண்டது என்று விற்கிறார்கள். வடிவம் உண்மையில் அதேதான்: ஃபாஸ்ஃபடிடைல்கோலின் என்ற கொழுப்பு. ஆனால் சாதாரண லெசித்தினில் அந்தக் கொழுப்பு கால்பங்கு அளவுக்குத்தான் இருக்கும், அந்தக் கொழுப்பிலும் கோலின் 13 சதவீதம்தான். 1200 மி.கி. லெசித்தின் குளிகை ஒன்றில் கோலின் 40 மி.கி. கூடத் தேறாது. ஒரு முட்டைக்கு ஈடாக நாலு குளிகை விழுங்க வேண்டும். வாசனைப் பிரச்சினை குறைவு என்ற ஒரு காரணத்துக்காக வேண்டுமானால் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மீன் நாற்றம் ஏன் வருகிறது?

கோலினை அதிகமாக எடுத்த சிலருக்கு வியர்வை, மூச்சு, சிறுநீர் எல்லாவற்றிலும் கெட்டுப்போன மீன் நாற்றம் வரும். குளித்தாலும் போகாது. அசிங்கமாக உணர்ந்து வெளியே போகவே தயங்குகிறவர்கள் உண்டு. இது சுத்தக் குறைவு அல்ல.

உப்பு வடிவக் கோலின் தண்ணீரில் எளிதாகக் கரையும். கொஞ்சமாக எடுத்தால் சிறுகுடலே உறிஞ்சிவிடும். ஒரே தடவையில் நிறைய எடுத்தால் உறிஞ்ச முடியாத மீதி கீழே இறங்கிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள சில பாக்டீரியாக்கள் கோலினை உடைத்து டிரைமெத்திலமீன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. பழைய மீனில் நாறுவதும் இதே பொருள்தான். அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வரும்போது, எஃப்எம்ஓ3 என்ற நொதி அதை வாசனையற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. நொதியால் சமாளிக்க முடியாத அளவுக்கு வாயு வந்தால் எஞ்சியது வியர்வையிலும் மூச்சிலும் வெளியேறுகிறது.

முட்டையில் உள்ள கோலினோ கொழுப்போடு கட்டுண்டது. செரிமானத்தில் மெதுவாகப் பிரிந்து, பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்வது குறைவு. கோலின் உப்பைக் கிராம் கணக்கில் கொடுத்துப் பார்த்த பழைய சிகிச்சைகளில் நோயாளிகளுக்கு நாற்றம் வந்தது. அதற்கு மாற்றாக லெசித்தினைக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரையும் முட்டையும் எண்ணிக்கையில் ஒன்றாக இருந்தாலும் உடலில் ஒன்றாக நடந்துகொள்வதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு எடுத்தால் நாறும்? பெரும்பாலோருக்குப் பல கிராம் எடுத்தால்தான். பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளுக்கு 3.5 கிராம், ரத்த அழுத்தம் இறங்குவதையும் இந்த நாற்றத்தையும் வைத்தே அது வகுக்கப்பட்டது. 200 மி.கி. மாத்திரையால் யாருக்கும் பொதுவாக நாறாது. நாறுகிறது என்றால் அந்த நொதி பிறப்பிலேயே மந்தமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் நாற்றம் கூடும், கடல்மீன் சாப்பிட்டாலும் கூடும்.

மாத்திரையால்தான் வருகிறதா என்று பார்க்க, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சில நாள் மாத்திரையை நிறுத்துங்கள். அதனால் வந்ததென்றால் குறைந்துவிடும். அப்புறம் பாதி அளவில், சாப்பாட்டோடு, இரு வேளையாகப் பிரித்து எடுத்துப் பார்க்கலாம். இந்த வாயு காரத்தன்மை கொண்டது என்பதால், தோலின் அமிலத்தன்மையை ஒட்டிய, பிஎச் 5.5 முதல் 6.5 வரை உள்ள சோப்பு ஓரளவு உதவும்.

கர்ப்பிணிகள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மீன் நாற்றம் உடம்பு முழுவதிலும் இல்லாமல் பிறப்புறுப்பில் மட்டும், மெல்லிய சாம்பல் நிற வெள்ளைப்படுதலோடு வந்தால், கோலினைக் காரணமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். அது பாக்டீரியல் வஜைனோசிஸ் ஆக இருக்கலாம். அங்கேயும் நாறுவது டிரைமெத்திலமீன் போன்ற அமீன்கள்தான், அதனால்தான் இந்தக் குழப்பம். குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடைய பிரச்சினை அது. எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.

ஞாபக சக்திக்கு?

கருவில் உள்ள குழந்தையின் மூளைக்கு, பெரியவர்களின் மறதிக்கு என்று இதில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

குழந்தையைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் சான்றும் உண்டு, தராத சான்றும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில் கடைசி மூன்று மாதத்தில் நாளுக்கு 930 மி.கி. எடுத்த தாய்மாரின் குழந்தைகள், 480 எடுத்தவர்களின் குழந்தைகளைவிடப் பார்வைத் தூண்டலுக்கு வேகமாக எதிர்வினை காட்டினார்கள். ஆனால் கலந்துகொண்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை. வட கரோலினாவில் 140 பெண்களிடம் ஃபாஸ்ஃபடிடைல்கோலின் வடிவில் 750 மி.கி. கொடுத்துச் செய்த ஆய்வில், 10, 12 மாதக் குழந்தைகளின் நினைவாற்றலில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அந்தத் தாய்மார் சராசரி உணவிலேயே ஓரளவு கோலின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். குறைவாக இருப்பவருக்கு நிரப்பினால் பலன் இருக்கலாம், நிறைந்திருப்பவருக்கு மேலும் ஊற்றி எதிர்பார்க்க அவ்வளவாக இல்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். 930-ஐக் குறிவைத்து மாத்திரைகளை அடுக்க இந்தச் சான்று போதாது. ஃபோலிக் அமிலத்துக்குப் பதிலாகவும் கோலினை வைக்க முடியாது.

பெரியவர்களின் மறதிக்கு நிலைமை இன்னும் பலவீனம். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் கோலினிலிருந்து உருவாகிறது என்பது சரி. அதற்காக அதிகம் விழுங்கினால் மூளையில் அதுவும் கூடும் என்று ஆகாது. மறதி நோயாளிகளுக்கு லெசித்தின் கொடுத்த சோதனைகள் பலன் காட்டவில்லை. ஞாபக சக்திக்காகப் பெட்டி பெட்டியாகக் கோலின் வாங்குகிறவர்களுக்கு நாற்றம்தான் முதலில் வரும் என்று தோன்றுகிறது.

கடைசியாக, பிறவியிலேயே அந்த நொதிக் குறைபாடு இருக்கும் பெண்கள். நாற்றத்துக்காக முட்டை, சோயா எல்லாவற்றையும் குறைத்து வாழப் பழகியிருப்பார்கள். கர்ப்பமானதும் அதே கட்டுப்பாட்டை அப்படியே தொடரக் கூடாது. குழந்தைக்கும் கோலின் வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும், கருத்தரிக்கும் முன்பே பேசிவிட்டால் இன்னும் நல்லது.